காகிதக் கொக்குப் படங்களை ஒப்பிடும்போது எங்கே பார்க்க வேண்டும்?

"மஞ்சக்குப்பத்தில் விடுமுறை வகுப்புக்கு வரும் 18 பிள்ளைகளுக்கு ஓரிகாமி கொக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாருமே முதல் தடவை மடிக்கிறவங்க. முடிச்ச கொக்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. மடிப்பு எவ்வளவு துல்லியம், ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதா, ஓரம் சுத்தமா இருக்கா, இந்த மூணையும் வச்சு ஒப்பிடணும். போட்டோவை மட்டும் பார்த்து நியாயமா சொல்ல முடியுமா? எதைப் பார்க்கணும்?"

பக்கவாட்டில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் சொல்ல முடியாது. கொக்கு முடிந்து நிற்கும்போது அதன் பிழைகளில் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். வெளியே தெரிவது கழுத்தின் சாய்வும் இறக்கையின் விரிவும்தான், அவை இரண்டுமே துல்லியத்தைக் காட்டுபவை அல்ல. ஆகவே அளந்து ஒப்பிடும் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று படங்கள் கேளுங்கள். மடிப்புத் துல்லியத்துக்கு, பிரித்து விரித்த தாள். இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதற்கு, பாதி வழியில் தட்டையாகக் கிடக்கும், பேர்ட் பேஸ் எனப்படும் வைர வடிவம். ஓரத்துக்கு, முடிந்த கொக்கின் இறக்கை அடிப்பக்கம். மூன்றையும் ஒரே படத்தில் தேடினால், ஒரு தப்பு மடிப்பு துல்லியத்திலும் மார்க் குறைக்கும், சமச்சீரிலும் குறைக்கும், ஓரத்திலும் குறைக்கும். ஒரே பிழைக்கு அந்தப் பிள்ளை மூன்று முறை தண்டனை வாங்கும். நியாயம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படங்களுக்குள் போகும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கொக்கில் இரண்டு வகை மடிப்புகள் இருக்கின்றன. சில மடிப்புகள் எங்கே விழ வேண்டும் என்பதைத் தாளே முடிவு செய்துவிடும்: மூலையோடு மூலை, ஓரத்தோடு நடுக்கோடு என்று அதற்கு அடையாளம் உண்டு. பேர்ட் பேஸ் வரைக்கும் எல்லாமே இந்த வகை. அதற்குப் பிறகு, கழுத்தும் வாலுமாகப் போகும் கீழ்க் கால்கள் இரண்டையும் ஒடுக்கும் மடிப்பும் இந்த வகைதான். மற்ற மடிப்புகளுக்கு அடையாளம் கிடையாது, மடிப்பவர் கண்ணளவில் வைக்கிறார். கழுத்தும் வாலும் எவ்வளவு நிமிர்ந்து நிற்க வேண்டும், அலகு எவ்வளவு நீளம், இறக்கையை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் வரும். ஒரு பிள்ளை வாலை நேராக நிமிர்த்திக் கழுத்தைச் சாய்த்து வைத்திருந்தால் அது பிழை இல்லை, அந்தப் பிள்ளையின் விருப்பம். ஆனால் கழுத்தும் வாலும் அகலத்தில் வேறுபட்டால் அது பிழை, ஏனென்றால் அகலத்தைத் தீர்மானித்தது தாள். முதல் வகையில் மட்டும் அளவு பாருங்கள். இரண்டாவது வகையைத் தனியாக, "நிற்கும் அழகு" என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டு விட்டுவிடலாம்.

இனி விரித்த தாள். முடிந்த கொக்கைப் படம் எடுத்தபிறகு அதையே பிரித்துவிடச் சொல்லலாம். பிள்ளைக்குப் பிரிக்க மனமில்லை என்றால் இன்னொரு தாளில் பேர்ட் பேஸ் வரை மடித்துப் பிரித்தால் போதும். தாளைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டாம், மேசைமேல் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, நாலு மூலையிலும் ஒரு நாணயம் வைத்தால் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து தாழ்வாக, தாளை உரசிக்கொண்டு வருவதுபோல் விழ வேண்டும். அப்போது ஒவ்வொரு மடிப்புக் கோட்டுக்கும் மெல்லிய நிழல் விழும். தலைக்கு நேர் மேலே டியூப்லைட் எரிந்தால் நல்ல மடிப்பும் மங்கிப்போகும். ஃப்ளாஷ் போட்டால் சுத்தமாகக் காணாமல் போகும்.

இந்தத் தாளில் பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்துதான். முதல் இடம் நட்டநடு. இரண்டு குறுக்கு மூலைவிட்டங்களும் இரண்டு நடுக்கோடுகளும், ஆக நாலு கோடுகள், ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கக்காரர் தாளில் அவை ஒரே புள்ளியில் சேராமல் சின்ன முக்கோணமாகவோ நாற்கோணமாகவோ விலகி நிற்கும். அந்த முக்கோணத்தின் மிக நீளமான பக்கம் எத்தனை மி.மீ. என்பதுதான் நடுப்பிழை. அடுத்த நாலு இடங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. தாளின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு மூலைகளிலிருந்தும் 22.5 டிகிரி சாய்வில் ஒவ்வொரு கோடு உள்நோக்கி வரும். அந்த இரண்டும் அந்தப் பக்கத்துக்குச் செங்குத்தான நடுக்கோட்டின் மேல் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். 15 செ.மீ. தாளில் அந்த இடம் ஓரத்திலிருந்து 3.1 செ.மீ. உள்ளே இருக்கும். கழுத்தும் வாலும் ஆகும் இரண்டு மூலைகளில் கூடுதலாக இன்னும் சில கோடுகள் இருக்கும், குழம்ப வேண்டாம், அவை ஒடுக்கும் மடிப்பின் கோடுகள்.

இந்த ஐந்து சந்திப்புகளைப் பார்ப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இவை எல்லாமே ஓரிரு செ.மீ. இடத்துக்குள் முடிந்துவிடும் அளவுகள். செல்போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தாலும் அந்தச் சின்ன இடத்துக்குள் ஏற்படும் திரிபு மிகக் குறைவு. தாளின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளந்து ஒப்பிடும்போதுதான் கேமரா ஏமாற்றும். அதனால் துல்லியத்துக்கு மார்க் போடும்போது இந்த ஐந்து இடங்களை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

மி.மீ. கணக்கை எடுக்கச் சுலபமான வழி, தாளையே அளவுகோலாக்குவது. படத்தை கம்ப்யூட்டரில் பெயின்ட் மாதிரி ஒரு சாதாரண நிரலில் திறந்து, தாளின் ஒரு பக்கம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 15 செ.மீ. தாள் 1500 பிக்சல் அகலம் வந்தால் ஒரு மி.மீ.க்கு 10 பிக்சல். நடு முக்கோணத்தின் பக்கம் 8 பிக்சல் என்றால் 0.8 மி.மீ. இதற்கு படம் போதிய அளவில் வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும், அதில் மெல்லிய கோடுகள் குழைந்துபோகும். எச்டி என்று தேர்ந்தெடுத்தோ, டாக்குமெண்ட் என்று இணைத்தோ அனுப்பச் சொல்லுங்கள். எல்லாரிடமும் ஒரே முறையைக் கேட்பது முக்கியம். ஒருவர் படம் தெளிவாகவும் இன்னொருவர் படம் மங்கலாகவும் இருந்தால், மங்கலான படத்தில் பிழை தெரியாமல் அவருக்கு மார்க் கூடிவிடும்.

முதல் தடவை மடிக்கிறவர்களுக்கு 15 செ.மீ. தாளில் நான் வைக்கும் எல்லை இது: ஐந்து சந்திப்பும் 1 மி.மீ.க்குள் இருந்தால் மிக நன்று. 2 மி.மீ. வரை நன்று. அதற்கு மேல் போன சந்திப்புகள் எத்தனை என்பதை மட்டும் எண்ணினால் போதும். அரை மி.மீ.க்கும் கால் மி.மீ.க்கும் வித்தியாசம் தேட வேண்டாம், மடிப்புக் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். இன்னொன்று, எல்லாருக்கும் தாள் ஒரே அளவாக இருக்கட்டும். கையின் தடுமாற்றம் தாள் சின்னதானதால் சின்னதாகிவிடுவதில்லை. 7.5 செ.மீ. தாளில் 1 மி.மீ. விலகல், 15 செ.மீ. தாளில் 2 மி.மீ. விலகலுக்குச் சமம்.

விலகலின் காரணத்தையும் இதே தாள் சொல்லிவிடும். தாளைப் பாதியாக மடிக்கும்போது மேல் ஓரம் கீழ் ஓரத்தை விட்டு 1 மி.மீ. தள்ளி நின்றால் கோடு அரை மி.மீ. மட்டுமே தள்ளி விழும். அதாவது கோட்டுப் பிழை, ஓரம் தள்ளி நிற்பதில் பாதி. ஒரு பிள்ளையின் நடுக்கோடு 1.5 மி.மீ. தள்ளியிருந்தால், மடித்த நேரத்தில் ஓரங்கள் 3 மி.மீ. விலகி நின்றிருக்கின்றன. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற விலகல் அது. அந்தப் பிள்ளை ஓரத்தைப் பொருத்திவிட்டு, கோட்டை அழுத்தும்போது தாளை நகரவிட்டிருக்கிறது. ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மடிப்பின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தேய்க்கச் சொன்னால் இது சரியாகிவிடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தேய்த்தால் தாள் வழுக்கிக்கொண்டு போகும்.

சில தாள்களில் ஒன்றையொன்று ஒட்டி இரட்டைக் கோடுகள் தெரியும். முதல் மடிப்பு தப்பாகி, பிரித்து, மறுபடி சரியாக மடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டில் அழுத்தமாக, கருமையான நிழலோடு இருப்பதுதான் கடைசி மடிப்பு. துல்லியத்துக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்திக்கொண்ட பிள்ளையைத் துல்லியத்தில் குறைக்கக் கூடாது. இரட்டைக் கோடு வெளியே தெரிகிற இடத்தில் இருந்தால், அதைச் சுத்தத்தில் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவே.

மடிப்பைக் குறை சொல்வதற்கு முன் தாள் உண்மையிலேயே சதுரமா என்று பாருங்கள். விரித்த தாளின் படமே இதற்கு உதவும், ஆனால் கையில் பார்ப்பது இன்னும் நல்லது. பக்கங்கள் நாலும் சமம் என்று அளந்தால் மட்டும் போதாது, சாய்ந்த சதுரத்துக்கும் நாலு பக்கமும் சமமாகவே இருக்கும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்றாலும் போதாது, செவ்வகத்துக்கும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏ4 தாளை வெட்டித் தருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. ஏ4 நீளம் 29.7 செ.மீ. அதைச் சரிபாதியாக வெட்டினால் 14.85 செ.மீ.தான் வரும். மறு பக்கத்தை ஸ்கேல் வைத்து 15 என்று வெட்டினால் 1.5 மி.மீ. நீளமான ஒரு செவ்வகம் உங்கள் கையில் இருக்கிறது. பார்வைக்குச் சதுரம்போலவே இருக்கும். ஆனால் அதில் எவ்வளவு கவனமாக மடித்தாலும் ஐந்து சந்திப்புகளும் ஒருங்கே சேராது.

அடுத்தது சமச்சீர். இதற்கு பேர்ட் பேஸ் மிக வசதியானது, ஏனென்றால் தட்டையாகக் கிடக்கும், எங்கே என்ன நீளம் வர வேண்டும் என்பதும் தெரியும். முன்னும் பின்னும் உள்ள, இறக்கைகளாகப் போகும் இரண்டு இதழ்களையும் மேலே தூக்கிவிட்டு மேசையில் வைத்தால் நீண்ட வைர வடிவம் கிடைக்கும். 15 செ.மீ. தாளில் அந்த வைரத்தின் மொத்த நீளமும் சரியாக 15 செ.மீ. தாளின் ஒரு பக்கம் எவ்வளவோ அவ்வளவு. அகலமான இடத்தில் 6.2 செ.மீ. இருக்கும். அந்த அகலக் கோட்டிலிருந்து மேல் நுனிக்கு 7.5, கீழ் நுனிகளுக்கு 7.5. கீழே இரண்டு கால்கள், நடுவே பிளவு. ஒரு காலின் நுனி மற்றதைவிட 2 அல்லது 3 மி.மீ. தாழ்ந்து நிற்பதைத்தான் தொடக்கக்காரர் படங்களில் அதிகம் பார்ப்பீர்கள். பின்னால் அதுதான் நீளக் கழுத்தாகவும் குட்டை வாலாகவும் மாறும்.

இந்த அளவு படத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போவதால், இங்கே கேமரா மேல் சந்தேகம் வேண்டும். செல்போனின் சாதாரண லென்ஸ் அகன்ற பார்வை உள்ளது. கிட்டத்தில் வைத்து எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் பக்கம் பெரிதாகத் தெரியும். முடிந்த கொக்கை 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்து, ஒரு இறக்கை மட்டும் கேமராவுக்கு 3 செ.மீ. நெருக்கமாக இருந்தால், அந்த இறக்கை 11 சதவீதம் பெரிதாக விழும். அதையே 90 செ.மீ. தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் வித்தியாசம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். முடிந்த கொக்கின் முகப்புப் படத்தில் சமச்சீரை அளக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பேர்ட் பேஸ் தட்டையாக இருப்பதால் கேமராவை நேர் மேலே பிடித்தால் போதும்.

நேர் மேலே பிடித்தார்களா என்று எப்படித் தெரியும்? வைரத்துக்குக் கீழே ஒரு முழு ஏ4 தாளை விரித்து வைக்கச் சொல்லுங்கள். படத்தில் அந்த ஏ4 தாளின் எதிரெதிர் பக்கங்களை அளந்து பாருங்கள். மேல் ஓரம் 1460 பிக்சலும் கீழ் ஓரம் 1500 பிக்சலும் வந்தால், கேமரா சாய்ந்திருக்கிறது. 40 பிக்சல் என்பது கிட்டத்தட்ட 2.7 சதவீதம். 15 செ.மீ. நீளத்துக்கு அது 4 மி.மீ. பிள்ளையின் பிழையைவிடக் கேமராவின் பிழை பெரிது என்றால் அந்தப் படத்தில் நீளம் அளப்பதில் பயனில்லை.

அளக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, எனக்கு மிகவும் நம்பிக்கையான வழியும் அதுதான். பேர்ட் பேஸை ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவை அசைக்காமல், வைரத்தை மட்டும் மேசையிலேயே அரைச் சுற்று திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் படத்தில் இடது கால் நீளமாகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். திருப்பியபின் அந்தக் கால் வலது பக்கம் போய்விடும். இரண்டாவது படத்திலும் அதே கால்தான் நீளம் என்றால் பிழை காகிதத்தில். இப்போது நீளமாகத் தெரிவது மற்ற கால் என்றால், அதாவது இடம் மாறாமல் இடது பக்கமே நீளமாகத் தெரிந்தால், பிழை கேமராவில். இரண்டு படத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை, ஸ்கேலும் தேவையில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இங்கே வரும். இரண்டு கால்களுமே 2 மி.மீ. குட்டை, இரண்டும் சமம். இதற்குச் சமச்சீரில் முழு மார்க்கும் கொடுங்கள். அந்தப் பிழை ஏற்கெனவே விரித்த தாளில், துல்லியத்தில் பிடிபட்டுவிட்டது. சமச்சீர் என்பது இடதும் வலதும் ஒத்திருக்கிறதா என்பது மட்டும்.

ஓரத்துக்கு வருவோம். ஒரு பக்கம் கலரும் மறுபக்கம் வெள்ளையுமான தாளில் கலர் வெளியே வருமாறு மடித்தால், சரியாக மடித்த கொக்கின் வெளியில் வெள்ளை தெரியவே கூடாது. வெள்ளை எட்டிப்பார்க்கும் முக்கியமான இடம் இறக்கையின் அடிப்பக்கம். இதழைத் தூக்கும் மடிப்பில், தாளின் வெட்டு ஓரங்கள் இரண்டும் இதழின் நடுக்கோட்டில் வந்து ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இறக்கையைக் கீழே இறக்கும்போது அந்தப் பிளவு அடிப்பக்கம் போய்விடும். மேலிருந்து பார்த்தால் இறக்கை மழமழவென்று, எந்தப் பிழையும் இல்லாததுபோல் இருக்கும். அதனால் கொக்கைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு இறக்கைகளின் அடிப்பக்கத்தையும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

அந்தப் பிளவில் தெரியும் வெள்ளைக் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள், அகலத்தை அப்புறம் பார்க்கலாம். நுனி முதல் உடல் வரை ஒரே சீராக, அரை மி.மீ. அளவுக்கு வெள்ளை தெரிந்தால் அது பிழையே இல்லை. தாளுக்குத் தடிமன் உண்டு, இரண்டு ஓரங்களையும் முட்ட விட்டால் அடுத்த மடிப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பழகியவர்கள் வேண்டுமென்றே அந்த இடைவெளியை விடுவார்கள். கால்களை ஒடுக்கும் மடிப்பிலும் இதே கதைதான். ஓரம் நடுப்பிளவைத் தாண்டிப் போனால், கழுத்தை உள்ளிருந்து மேலே தூக்கும்போது தாள் சிக்கிக்கொண்டு கசங்கும். கழுத்தின் அடியில் குறுக்குச் சுருக்கங்கள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

வெள்ளை சீராக இல்லாமல் ஆப்பு வடிவில், நுனியில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து உடல் பக்கம் வரவர அகலமானால், அது கோணப் பிழை. மடிப்பு மூலையிலிருந்து சரியாகத்தான் கிளம்பியிருக்கிறது, ஆனால் ஓரம் நடுக்கோட்டை எட்டவில்லை. நேர்மாறாக, நுனியே மழுங்கியோ இரண்டாகப் பிளந்தோ இருந்தால், மடிப்பு மூலையின் வழியே போகவில்லை. இது ஓரிரு மில்லிமீட்டர் விஷயம் என்று தோன்றும், ஆனால் கொக்கின் கூர்மை முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓரத்தை நடுக்கோட்டோடு பொருத்துவதில் மட்டும் கவனம் வைத்து, மூலையைக் கவனிக்காத பிள்ளைகளுக்கு இப்படி வரும். முதலில் நுனியைக் கூராக்கி விரலால் பிடித்துக்கொண்டு, பிறகு ஓரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஓரச் சுத்தத்தில் இன்னும் மூன்று விஷயங்கள் சேரும், இவற்றை வேகமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். வெட்டு ஓரத்தில் நார் நாராக இருந்தால் கத்தரியோ பிளேடோ மழுங்கல். கலர்ப் பக்கத்தில் பளபளப்பான கீறல் தெரிந்தால் நகத்தால் நேராகத் தேய்த்திருக்கிறார்கள், மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தேய்த்தால் வராது. ஓரத்தில் கறைபோல் கலர் கசிந்திருந்தால் விரல் வியர்வை.

வியர்வை என்றதும் நம் கடற்கரைக் காற்றைச் சொல்ல வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஈரக் காற்று தாளை மாற்றிவிடும், ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். காகிதம் ஈரத்தை உறிஞ்சினால், நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது, அதற்குக் குறுக்கே அதிகம் நீளும். மிஷினில் செய்த தாளைச் சதுரமாக வெட்டி நாள்கணக்கில் திறந்து வைத்தால் அது கொஞ்சம் செவ்வகமாகிவிடலாம். அதைவிடத் தொல்லை, ஈரத் தாளில் மடிப்பு நிற்காது. காலையில் கூர்மையாக இருந்த கொக்கு மாலையில் இறக்கை தூக்கி, பிளவுகள் திறந்து நிற்கும். ஒரு பிள்ளை மடித்த உடனே படம் எடுத்து, இன்னொரு பிள்ளை மறுநாள் எடுத்தால், இரண்டையும் ஓரச் சுத்தத்தில் ஒப்பிடவே முடியாது. தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொடுத்து, மடித்த அரை மணி நேரத்துக்குள் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

தாளின் ரகத்தையும் கலக்காதீர்கள். புதுச்சேரியில் ஆசிரமத்துக் கைவினைக் காகிதம் கிடைக்கிறது, பார்க்க அழகு, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கவும் ஆசை வரும். ஆனால் அதில் தடிமன் அதிகம், பருத்தி நார் மென்மையானது, மடிப்புக் கோடு மெல்லிய கலர் தாளில் விழுவதுபோல் கூராக விழாது. அந்தக் காகிதத்தின் வெட்டாத ஓரம் இயல்பாகவே பிசிறு பிசிறாகத்தான் இருக்கும். அதில் மடித்த கொக்கையும் மெல்லிய கலர் தாளில் மடித்த கொக்கையும் பக்கத்தில் வைத்தால், மடித்தவர் திறமையை அல்ல, தாளைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

இப்போது இரண்டு கொக்குகளை வைத்துப் பார்ப்போம். 'அ' என்ற கொக்கு பக்கவாட்டுப் படத்தில் மிக அழகு: கழுத்து வளைவாக, இறக்கை விரிந்து. 'ஆ' கொக்கின் கழுத்து ஒரு பக்கம் கோணி, தலை பெரிதாக இருக்கிறது. படத்தைப் பார்த்தவர் யாரும் 'அ'வைத்தான் முதலில் வைப்பார்கள்.

'அ'வின் விரித்த தாளில் ஒரு பக்கம் 1500 பிக்சல், அடுத்த பக்கம் 1480. கேமரா சாய்வா என்று எதிர்ப் பக்கங்களைப் பார்த்தால் அவையும் 1500, 1480. ஆகவே சாய்வு இல்லை, தாளே 15 செ.மீ.க்கு 14.8 செ.மீ. நட்டநடுவில் முக்கோணத்தின் நீளமான பக்கம் 20 பிக்சல், அதாவது 2 மி.மீ. மூலைவிட்டக் கோடுகள் ஒரு மூலையில் சரியாகக் கிளம்பி, எதிர் மூலையை 2 மி.மீ. தள்ளித் தொடுகின்றன. இந்தப் பிள்ளை ஓரத்தோடு ஓரம் ஒழுங்காகச் சேர்த்து மடித்திருக்கிறது. அப்படி மடித்தால் கோடு 45 டிகிரியில் போகும், 2 மி.மீ. குறைந்த தாளில் எதிர் மூலையைத் தவறவிடும், நடுவில் சரியாக 2 மி.மீ. விலகல் வரும். கணக்கு ஒத்துப்போகிறது. நடுவில் தெரியும் விலகல் முழுக்கத் தாளினுடையது. தாளை வெட்டிக் கொடுத்தது நீங்கள் என்றால் அதற்குக் குறைக்கக் கூடாது. ஆனால் பக்கச் சந்திப்புகள் நாலில் மூன்று 2.5 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கின்றன. 2 மி.மீ. குறைந்த தாள் இவ்வளவு விலகலைத் தராது, இது கையின் பிழை. இறக்கை அடியில் வெள்ளை ஆப்பு, உடல் பக்கம் 2 மி.மீ. அகலம். 7.5 செ.மீ. நீளத்தில் 2 மி.மீ. என்றால் ஓரம் ஒன்றரை டிகிரி திரும்பியிருக்கிறது. கோடு அதில் பாதி, முக்கால் டிகிரி தள்ளியிருக்கிறது.

'ஆ'வின் தாள் இரண்டு பக்கமும் 1500. நடுவில் 6 பிக்சல் விலகல், பக்கச் சந்திப்புகள் நாலும் 1 மி.மீ.க்குள். பேர்ட் பேஸைத் திருப்பி எடுத்த இரண்டு படங்களிலும் கால்கள் சமம். இறக்கை அடியில் வெள்ளை ஒரே சீராக, மயிரிழைபோல். கழுத்து கோணியதற்குக் காரணம் அடையாளம் இல்லாத மடிப்பு, தலை பெரிதானதும் அதே. அவை அளவுக்கு வராது.

துல்லியத்திலும் ஓரத்திலும் 'ஆ' தெளிவாக மேலே. 'அ'வின் பேர்ட் பேஸிலும் கால்கள் சமமாக இருந்தால் சமச்சீரில் இருவரும் சமம். 'அ'வுக்குச் சொல்ல வேண்டியது, ஓரத்தை நடுக்கோட்டோடு சேர்க்கும் அந்த ஒரு மடிப்பைப் பற்றி மட்டும்: அழுத்தும் முன், ஓரம் முழு நீளத்துக்கும் கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஆ'வுக்கு, கழுத்தை நிமிர்த்தும்போது இரண்டு பக்க ஓரங்களையும் ஒரே நேரத்தில் விரல்களுக்கிடையே பிடித்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள், கோணாது.

உங்களிடம் ஏற்கெனவே வந்திருக்கும் 18 பக்கவாட்டுப் படங்களையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. அவற்றில் நம்பிப் பார்க்கக்கூடியவை மூன்று: இறக்கை, வால் நுனிகள் கூராக இருக்கின்றனவா, வெளியே எங்காவது வெள்ளை தெரிகிறதா, கழுத்தின் அடியில் குறுக்குச் சுருக்கம் இருக்கிறதா. இவற்றை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம், 1, 2, 3 என்று வரிசை போட முடியாது. முதல் கூட்டத்தில் வரும் பிள்ளைகளிடம் மட்டும் மற்ற படங்களைக் கேளுங்கள். மொத்தம் 18 பேரிடமும் நாலு நாலு படம் அளந்துகொண்டிருப்பதைவிட, ஐந்தாறு பேருடையதை ஒழுங்காக அளப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். அந்த ஐந்தாறு பேரில் கடைசியில் இருவர் சமமாக நின்றால், விரித்த தாளின் நட்டநடுவைப் பாருங்கள். அது முதல் நாலு மடிப்புகளின் இடம், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. அங்கே விலகல் குறைவானவரை முன்னால் வையுங்கள்.